நீலச் சட்டையில் வியர்வைக் கறை

வரவேற்பு மேடையில் எடுத்த படம். மாப்பிள்ளையின் வெளிர்நீலச் சட்டையில் அக்குளுக்குக் கீழே உள்ளங்கை அளவுக்கு ஈரம். பலரும் உடனே குளோன் ஸ்டாம்பை எடுத்துப் பக்கத்துத் துணியை அதன்மேல் அப்பிவிடுவார்கள். அங்கேதான் படம் கெடுகிறது. அக்குளில் இயல்பாக விழும் மடிப்பும் நிழலும் அழிந்து, சட்டை அட்டைபோலத் தட்டையாகிவிடும்.

நனைந்த துணி ஒளியைக் குறைவாகச் சிதறடிப்பதால்தான் கருத்துத் தெரிகிறது. நெசவும் மடிப்பும் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. ஆகவே முதல் வேலை நிறத்தைச் சரிசெய்வதுதான். ஃபோட்டோஷாப்பில் கர்வ்ஸ் லேயர் போட்டு, மாஸ்க்கால் ஈரப்பகுதிக்கு மட்டும் வெளிச்சம் கூட்டுங்கள். ஈரத்தில் நீலம் அடர்ந்திருக்கும். சாச்சுரேஷனையும் சற்றுக் குறைக்க வேண்டும். ஒப்பிடும்போது வெயில்பட்ட தோள்பட்டையைப் பார்க்காதீர்கள், அதே நிழலில் உள்ள உலர்ந்த துணியைப் பாருங்கள்.

எஞ்சுவது கறையின் ஓரக்கோடு. அதற்குத்தான் குளோன் ஸ்டாம்ப்: புதிய வெற்று லேயரில், லைட்டன் மோடில், ஒபாசிட்டி 30 சதவீதத்துக்குள். லைட்டன் மோடு கருத்த இடத்தை மட்டுமே தொடும். மாதிரியை அதே மடிப்பு ஓடும் திசையிலிருந்து எடுங்கள். அடிக்கடி இடம் மாற்றுங்கள், இல்லையேல் ஒரே சுருக்கம் இரண்டு இடத்தில் தெரியும்.

கோடு போட்ட சட்டையென்றால் ஒவ்வொரு கோட்டையும் பொருத்தியாக வேண்டும், வேலை பல மடங்காகும். முடித்ததும் படத்தைத் தற்காலிகமாகக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். வெளிச்சத்தில் மிச்சமிருக்கும் திட்டு அப்போது தெரிந்துவிடும்.