வருமான வரி அதிகாரிக்கு ஒரு மெயில்

ஜூலை மாதக் கடைசி வாரம். மாலைக்குள் கட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தில் ஒருவர் வருமான வரித் தளத்தில் 42,600 ரூபாய் சுய மதிப்பீட்டு வரி கட்டுகிறார். 2022-23 நிதியாண்டில் வந்த வருமானத்துக்கான வரி அது. அதன் மதிப்பீட்டு ஆண்டு 2023-24. ஆனால் சலானில் அவர் தேர்ந்தெடுத்தது 2024-25. பணம் அரசிடம் போய்விட்டது, ரசீதும் கையில் இருக்கிறது. சில மாதங்களில் பெங்களூருவில் உள்ள மத்தியச் செயலாக்க மையத்திலிருந்து 143(1) பிரிவின்கீழ் அறிவிப்பு வருகிறது: நீங்கள் வரி கட்டவில்லை, 42,600 ரூபாயையும் அதற்கான வட்டியையும் கட்டுங்கள். இது கற்பனையான உதாரணம்தான், ஆனாலும் ஆடிட்டர் அலுவலகங்களில் அடிக்கடி பார்க்கிற தவறு இது.

கட்டிய உடனே கவனித்திருந்தால் தளத்திலேயே சலானைத் திருத்திக்கொள்ளலாம். அதற்கான கெடு தாண்டிவிட்டால், திருத்தும் அதிகாரம் உங்கள் பகுதிக்கான மதிப்பீட்டு அதிகாரியிடம் இருக்கிறது. அவருக்குத்தான் மெயில் எழுத வேண்டும். அவர் யார் என்பதை வருமான வரித் தளத்தின் முகப்பில் `Know Your AO` என்ற இடத்தில் பான் எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். அலுவலகத்தின் மின்னஞ்சல் முகவரியும் அங்கேயே வரும். அது `incometax.gov.in` என்று முடிகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில், பொருள் வரி. "அவசரம்", "வரி சம்பந்தமாக", "உதவி தேவை" என்று தலைப்பிட்டு வரும் மெயிலைத் திறந்து பார்த்தால்தான் அது யாருடைய கோப்பு என்றே தெரியும். ஒரு வார்டு அதிகாரியின் கீழ் ஆயிரக்கணக்கான பான்கள் இருக்கும். அவர் தன் கணினியில் உங்கள் கணக்கைத் திறக்கப் பான் எண்ணும் ஆண்டும் வேண்டும். அந்த இரண்டும், கூடவே என்ன வேலை என்பதும், பொருள் வரியிலேயே இருக்கட்டும்:

```
PAN ABCPX0000X - AY 2023-24 - Challan correction (AY) - Demand u/s 143(1)
```

இதில் உங்கள் பெயர்கூடத் தேவையில்லை. ஆண்டைக் குறிக்கும்போது மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். நிதியாண்டையும் மதிப்பீட்டு ஆண்டையும் குழப்பியதால்தான் இந்தத் தொல்லையே வந்தது; மெயிலிலும் குழப்பினால் அதிகாரி வேறு ஆண்டின் கோப்பைத் திறந்து, "நிலுவை எதுவும் இல்லை" என்று பதில் போட்டுவிடுவார். 2025-இல் வந்த புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் இந்த இரட்டைக் கணக்கை விட்டு 'வரி ஆண்டு' என்ற ஒன்றையே வைத்துக்கொள்கிறது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளின் விவகாரங்களுக்குப் பழைய பெயர்தான்.

மெயிலின் உள்ளே வர வேண்டிய அடையாளங்கள் இரண்டு. ஒன்று, உங்களுக்கு வந்த அறிவிப்பின் ஆவண அடையாள எண்ணும் தேதியும். 2019 அக்டோபர் 1 முதல் துறை அனுப்பும் கடிதங்களில் இந்த எண் இருந்தாக வேண்டும் என்பது விதி. மற்றொன்று, சலானின் அடையாள எண். வங்கிக் கிளையின் ஏழு இலக்க பி.எஸ்.ஆர். குறியீடு, பணம் கட்டிய தேதி, ஐந்து இலக்கச் சலான் வரிசை எண் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் அது. மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் சலானைக் கண்டுபிடிப்பது கஷ்டம். வங்கியின் பரிவர்த்தனை எண்ணை மட்டும் எழுதி அனுப்புகிறவர்கள் பலர். அது சலான் அடையாள எண்ணுக்கு ஈடாகாது.

இனி எழுத்தின் தொனி. "நான் நேர்மையாக வரி கட்டுகிறவன், என்னை ஏன் அலைக்கழிக்கிறீர்கள்" என்று தொடங்கும் கடிதத்தில் கோபம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் அறிவிப்பை அனுப்பியது பெங்களூருவில் இருக்கும் மையம். உங்கள் வார்டு அதிகாரி அதைப் பார்த்திருக்கக்கூட மாட்டார். அதற்காகக் காலில் விழுகிற நடையும் வேண்டாம். நடந்ததைத் தேதி வரிசையில் சொல்லி, ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள். இப்படி:

"ஐயா / அம்மா, மதிப்பீட்டு ஆண்டு 2023-24-க்கான சுய மதிப்பீட்டு வரி ரூ. 42,600-ஐ 28.07.2023 அன்று கட்டினேன். சலானில் ஆண்டை 2024-25 என்று தவறாகக் குறித்துவிட்டேன். இந்தத் தொகையை 2024-25 கணக்குத் தாக்கலில் நான் கோரவில்லை. சலானின் மதிப்பீட்டு ஆண்டை 2023-24 என மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இதில் மூன்றாவது வாக்கியம்தான் உயிர். அதிகாரி சலானை மாற்றும் முன் முதலில் பார்ப்பது, அந்தப் பணம் தவறான ஆண்டின் கணக்கில் ஏற்கெனவே வரவு வைக்கப்பட்டுவிட்டதா என்பதைத்தான். வரவு வைத்தாயிற்று என்றால் அந்த நிலையில் அவரால் மாற்ற முடியாது. நீங்களே முன்கூட்டிச் சொல்லி ஆதாரமும் வைத்துவிட்டால் ஒரு சுற்றுக் கேள்வி பதில் மிச்சம்.

மெயிலைத் தமிழில் எழுதலாமா? எழுதலாம். குறைதீர்க்கக் கோரும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரிக்கும் கொடுக்கும் உரிமையை அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு தருகிறது. அதிகாரி வேறு மாநிலத்திலிருந்து வந்தவராகவும் இருக்கலாம் என்பதால் பொருள் வரியையும் கோரிக்கை வாக்கியத்தையும் ஆங்கிலத்திலும் போட்டுவிடுவது என் வழக்கம்.

இணைப்புகளில் நான்கு போதும்: 143(1) அறிவிப்பு, சலான் ரசீது, சலான் எந்த ஆண்டில் கிடக்கிறது என்று காட்டும் 2024-25-க்கான படிவம் 26ஏஎஸ், அந்த ஆண்டின் கணக்குத் தாக்கல் நகல். வங்கிக் கணக்கின் ஆண்டு முழுப் பட்டியலும் ஆதார் நகலும் இங்கே தேவையில்லை. பலரும் சறுக்கும் இடம் வேறு. மெயிலில் வரும் 143(1) அறிவிப்புக் கோப்புக்குக் கடவுச்சொல் உண்டு: சிறிய எழுத்தில் பான், அதையடுத்துப் பிறந்த தேதி. அதை அப்படியே இணைத்து அனுப்பினால் அதிகாரி திறக்க முடியாமல் விட்டுவிடுவார். கோப்பைத் திறந்து, பிரிண்ட் கட்டளை மூலம் புதிய பி.டி.எஃப். ஆகச் சேமித்தால் கடவுச்சொல் போய்விடும். `1_Intimation_AY2023-24.pdf`, `2_Challan.pdf` என்று எண் வைத்துப் பெயரிட்டு, அதே வரிசையைக் கடிதத்தின் கீழும் எழுதுங்கள்.

பதில் வராவிட்டால் புதிய மெயில் எழுதாமல் பழைய மெயிலின் தொடர்ச்சியாகவே நினைவூட்டுங்கள். அப்போதும் அசையாவிட்டால் அச்சிட்டு, வருமான வரி அலுவலகத்தின் ஆயகர் சேவா கேந்திராவில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சலான் திருத்தப்பட்டதும் நிலுவை தானாக மறைந்துவிடாது. தளத்தில் திருத்த மனுவின்கீழ் கணக்கை மறுபடி செயலாக்கக் கோரும் `Reprocess the return` என்பதை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மெயில் அனுப்பியதால் எந்தக் கெடுவும் நிற்காது. அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் நிலுவை தீராவிட்டால் மாதம் ஒரு சதவீத வட்டி ஓடத் தொடங்கும். பின்னால் வர வேண்டிய ரீஃபண்டையும் அதில் கழித்துக்கொள்ள முடியும். அதனால் முதலில் தளத்தில் `Response to Outstanding Demand` பகுதிக்குப் போய், நிலுவையை ஏற்கவில்லை என்று சலான் விவரத்தோடு பதிவு செய்யுங்கள். அதிகாரிக்கான மெயில் அதற்குப் பிறகு.