பிரித்துத் தொகுத்தல்: இராமானுசன் குறிப்பேட்டின் ஒரு பின்னம்

எட்டில் மூன்றை நம் முன்னோர் 'காலே அரைக்கால்' என்று வழங்கினர். காலும் அரைக்காலும் சேர்ந்தது எட்டில் மூன்று. அரிய பின்னம் ஒன்றை எளிய பின்னங்களின் கூட்டாகச் சொன்னால் மனம் அதனை விரைந்து பற்றிக்கொள்கிறது. பதத்தைப் பகுதி, விகுதி எனப் பிரித்துப் பொருள் காணும் தமிழ் மாணவருக்கு இம்முறை புதியதன்று. கணிதத்திலோ 'பகுதி' என்பது பின்னத்தின் கீழ்நிற்பதற்குப் பெயர். அப்பகுதியின் காரணிகளைக் கண்டு, காரணி ஒன்றுக்கு ஒரு பின்னமாகப் பிரிப்பதே பகுதிப் பின்னமாக்கல் எனப்படும். ஆறு என்பது இரண்டும் மூன்றும் பெருகி வந்தது. ஆதலின் ஆறில் ஐந்து, அரையும் மூன்றில் ஒன்றுமாகப் பிரிகிறது. எண்ணுக்குரிய இவ்வியல்பு x கலந்த கோவைக்கும் உரியது.

இதற்குச் சான்றாக நம் நாட்டுக் கணித மேதை சீனிவாச இராமானுசன் (1887-1920) கையாண்ட பின்னம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். அவருடைய இரண்டாம் குறிப்பேட்டில், இரண்டாம் இயலின் தொடக்கத்தில் ஒரு கூட்டுத்தொகை வருகிறது. அதன் உயிர்நிலையாக நிற்பது 1/(x³ − x) என்னும் பின்னமாகும்.

முதற்கண், மேல்நிற்கும் தொகுதியின் படி பகுதியின் படியினும் குறைந்ததா என்று நோக்குதல் வேண்டும். குறையாவிடின் வகுத்து, மீதியை மட்டுமே பிரித்தல் வேண்டும். இங்கே தொகுதி வெறும் எண். பகுதியோ மூன்றாம் படி. எனவே தடையில்லை. x³ − x என்பது x, x − 1, x + 1 என்னும் மூன்று காரணிகளின் பெருக்கம். ஆகவே,

1/(x³ − x) = A/x + B/(x − 1) + C/(x + 1)

என எழுதி, இருபுறமும் பகுதியால் பெருக்குவோம்.

1 = A(x − 1)(x + 1) + Bx(x + 1) + Cx(x − 1)

x = 0 எனில் A = −1. x = 1 எனில் B = ½. x = −1 எனில் C = ½. 'x = 1 ஆனால் மூலப் பின்னத்தின் பகுதி சுழியாகிவிடுமே, அந்த மதிப்பை எங்ஙனம் இடலாம்?' என்று கூர்மதி மாணவர் வினவக்கூடும். நல்ல வினா. நாம் மதிப்பை இடுவது பின்னத்தில் அன்று. பெருக்கியபின் கிடைத்த சமன்பாட்டில். அது 0, 1, −1 ஒழிந்த எல்லா x-க்கும் மெய்யாகும். இரண்டாம் படிக்கு மேற்படாத இரு கோவைகள் மூன்று இடங்களில் ஒத்தாலே எங்கும் ஒக்கும். ஆதலின் விலக்கிய மூன்று மதிப்புகளிலும் அச்சமன்பாடு நிற்கும். விடையைச் சரிபார்க்க x = 2 என்க. இடப்புறம் 1/6; வலப்புறம் −½ + ½ + 1/6. இரண்டும் ஒன்றே.

இனித் தொகையிடலாம். 1/(x³ − x) என்பதை அப்படியே தொகையிட நேரடி வாய்பாடு நம் கையில் இல்லை. பிரித்த மூன்றுக்கும் உண்டு. ஒவ்வொன்றும் மடக்கையாக மாறும். x ஒன்றினும் மிகும்போது,

∫ dx/(x³ − x) = −log x + ½ log(x − 1) + ½ log(x + 1) + c

இப்பிரிப்பைக் கொண்டு இராமானுசன் செய்தது யாது? x-க்கு 2, 4, 6 என 2n வரை இரட்டை எண்களை இட்டுக் கூட்டினார். பிரிந்த பின்னங்களுள் இரட்டை எண்களைப் பகுதியாக உடையவை கழித்தற்குறி பெறுகின்றன. ஒற்றை எண்களை உடையவை கூட்டற்குறி பெறுகின்றன. அவற்றை ஒழுங்குபடுத்தினால்,

1/(n+1) + 1/(n+2) + … + 1/2n = n/(2n+1) + 1/(2³ − 2) + 1/(4³ − 4) + … + 1/((2n)³ − 2n)

என்பது பிறக்கிறது. n = 2 எனில் இடப்புறம் 1/3 + 1/4. வலப்புறம் 2/5 + 1/6 + 1/60. இரண்டும் 7/12 ஆதல் காண்க. n பெருகப் பெருக இடப்புறம் log 2-ஐ நெருங்கும். 1/x என்பதை n முதல் 2n வரை தொகையிட்டால் வருவதும் அதுவே. n/(2n+1) அரையை நெருங்கும். எனவே log 2 = ½ + 1/6 + 1/60 + 1/210 + … ஆகும். இந்நான்கு உறுப்புகளைக் கூட்டினால் 0.688, மெய்ம்மதிப்பு 0.693.

இங்கே நுட்பமாக நோக்கத்தக்கது ஒன்று உண்டு. சமன்பாடு n என்னும் எல்லைக்குள் நிற்கிறது. எல்லையைக் கடந்து, பிரிந்த மூன்று தொடர்களையும் தனித்தனியே முடிவின்றிக் கூட்ட முற்பட்டால், ஒவ்வொன்றும் கட்டின்றிப் பெருகிவிடும். முதலில் எல்லைக்குள் ஒழுங்குபடுத்தி, பின்னரே n-ஐப் பெருகவிடல் வேண்டும்.

இவ்வுண்மையை யான் அறிந்தது ஒரு பிழையின் வாயிலாகவே. மேனிலைப் பள்ளியில் பயின்ற நாளில் 1/(x(2x + 1)) என்பதை 1 முதல் முடிவிலி வரை தொகையிடுமாறு ஒரு தேர்வில் கேட்டிருந்தனர். 1/x − 2/(2x + 1) எனச் செவ்வனே பிரித்தேன். log x − log(2x + 1) எனத் தொகையும் கண்டேன். மேலெல்லையில் இரண்டும் முடிவிலி ஆதலின், 'முடிவிலியில் முடிவிலி போகச் சுழி' என்று எழுதினேன். கீழெல்லையில் −log 3. அதனைக் கழிக்க, log 3 என விடையிட்டேன். மதிப்பெண் இல்லை.

தாளைத் திருத்திய ஆசிரியர் என்னை அருகழைத்து, "தம்பி, உன் விடை ஏறத்தாழ 1.1. தொகையிடு முன்னரே அது கூடாதென்று கண்டிருக்கலாமே" என்றார். பகுதியாகிய x(2x + 1) எப்போதும் 2x²-இனும் பெரிது. ஆகவே நம் பின்னம் 1/(2x²)-இனும் சிறிது. 1/(2x²)-ஐ 1 முதல் முடிவிலி வரை தொகையிட்டால் கிடைப்பது அரை. அரையினும் குறைய வேண்டிய விடை ஒன்றினும் மிகுவது எங்ஙனம்? பின்னர் அவரே வழியும் காட்டினார். இரு மடக்கைகளையும் முதலில் ஒன்றாக்கி log(x/(2x + 1)) என எழுதுக. x பெருகும்போது உள்ளிருக்கும் பின்னம் அரையை நெருங்கும். எனவே மேலெல்லையில் மதிப்பு சுழியன்று, log ½. அதிலிருந்து log(1/3)-ஐக் கழித்தால் log(3/2), அதாவது 0.405. அரையினும் குறைந்தது, பொருந்துகிறது.

இராமானுசனின் பின்னத்தில் இதே தவறு செய்தவன் தப்பிவிடுவான் என்பதுதான் வியப்பு. 1/(x³ − x)-ஐ 2 முதல் முடிவிலி வரை தொகையிடும்போது மடக்கைகளை ஒன்றாக்கினால் ½ log((x² − 1)/x²) கிடைக்கும். x பெருக, உள்ளிருப்பது ஒன்றை நெருங்குவதால் மேலெல்லை மதிப்பு உண்மையிலேயே சுழி. விடை ½ log(4/3). 'முடிவிலியில் முடிவிலி போகச் சுழி' என்று எழுதியவனுக்கும் இதே விடை வந்திருக்கும். முதற்கணக்கில் இவ்வாறு தற்செயலாகச் சரிவந்தமையால் தவறான வழியை நம்பி, அடுத்த கணக்கில் இடறி வீழ்வோர் பலர்.

ஆதலின் பிரிப்பது எளிமைக்காக. ஒவ்வோர் உறுப்பாகத் தொகையிடுவதும் அதற்காகவே. எல்லையை இடும் வேளையிலோ பிரிந்தவை மீண்டும் ஒன்றுசேர்தல் வேண்டும். காலையும் அரைக்காலையும் தனித்தனியே அளந்த வணிகர், இறுதியில் இரண்டையும் ஒரே பையில் இட்டன்றோ கொடுத்தார்!