ஒரு மூட்டை சிமெண்ட், இரண்டரை அடி

காவிரி டெல்டாவில் போர் போட்டு முடித்ததும், குழாயைச் சுற்றி வாய்ப்பகுதியில் ஒரு மூட்டை சிமெண்டைக் கரைத்து ஊற்றிவிட்டு, "சீல் பண்ணியாச்சு சார்" என்று சொல்லிவிட்டு ரிக் வண்டி கிளம்பிவிடும். அந்த ஒரு மூட்டை எத்தனை அடியை அடைத்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால், நல்ல தண்ணீர் வந்த பல போர்கள் ஆறு மாதத்தில் உப்பாக மாறியிருக்காது.

கொங்குப் பகுதியைப் போன்ற பாறை நிலத்தில் கணக்கு எளிது. மேல்மண்ணும் உதிர்பாறையும் முடிந்து கெட்டிப் பாறை தொடங்கும் இடம்வரை கேசிங் பைப் இறங்க வேண்டும். அந்தப் பாறைக்குள்ளும் நாலைந்து அடி உட்கார வேண்டும். அதற்குக் கீழே துளை தானே நிற்கும் என்பதால் குழாயும் தேவையில்லை, கூழாங்கல்லும் தேவையில்லை. மணலும் களிமண்ணும் மாறி மாறி வரும் டெல்டா நிலத்தில் அப்படியில்லை. துளையின் அடிவரை குழாய் போகும். துளைக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள வளைய இடைவெளியை மேலிருந்து கீழ்வரை எதைக் கொண்டு நிரப்புகிறோம் என்பதில்தான் போரின் ஆயுள் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். துளை 12 இஞ்ச், ஆழம் 200 அடி. இறக்குவது 6 இஞ்ச் பி.வி.சி. குழாய், அதன் வெளிவிட்டம் 165 மி.மீ., அதாவது 6½ இஞ்ச். தோண்டும்போது 20 அடிவரை களி, 60 அடிவரை உப்புத்தண்ணீர் உள்ள மணல், 110 அடிவரை கெட்டிக் களி, 150 அடிவரை நல்ல பருமணல், 160 அடிவரை களி, 190 அடிவரை மறுபடி பருமணல், பிறகு களி என்று வைத்துக்கொள்வோம். பத்து அடிக்கு ஒருமுறை வெளிவரும் மண்ணை வரிசையாகச் சாக்கில் கொட்டி வைக்கச் சொன்னால்தான் இந்தப் பட்டியல் கைக்கு வரும். மணலைப் பார்த்து அதிலுள்ள தண்ணீர் உப்பா நல்லதா என்று சொல்ல முடியாது. கடலோரம் என்றால் குழாய் இறக்கும் முன் துளைக்குள் கருவி விட்டு மின் லாக்கிங் எடுத்துவிடுவது நல்லது.

முதலில் குழாய். தரைக்குக் கீழே 200 அடி, மேலே 2 அடி. கைவிடப்படும் போர்களில் குழந்தைகள் விழுவதைத் தடுக்க 2010-இல் உச்ச நீதிமன்றம் தந்த நெறிமுறை, குழாயைச் சுற்றித் தரைக்கு மேல் 30 செ.மீ. உயரும் சிமெண்ட் மேடை கேட்கிறது. அதற்கு ஓர் அடி, மூடி போட இன்னோர் அடி. மொத்தம் 202 அடி. குழாய் 3 மீட்டர் துண்டாக, அதாவது 9.84 அடியாக வருவதால் 21 துண்டு வேண்டும். இரண்டு பருமணல் படுகைகளும் சேர்ந்து 70 அடி என்பதால் இவற்றில் 7 துண்டு, துளைக்கீறல் போட்ட ஃபில்டர் பைப். மீதி 14-ம் கீறல் இல்லாத குழாய். கடைசி 10 அடி, அடிமூடி போட்ட வெறுங்குழாயாக இருக்கட்டும். உள்ளே வரும் மண் அங்கே படியும். உப்பு மணலுக்கு எதிரே ஒரு ஃபில்டர் துண்டுகூட வந்துவிடக் கூடாது.

அடுத்தது கூழாங்கல். துளை விட்டத்தின் வர்க்கத்திலிருந்து குழாய் வெளிவிட்டத்தின் வர்க்கத்தைக் கழித்து 183-ஆல் வகுத்தால், ஓர் அடி ஆழத்துக்கு எத்தனை கன அடி என்று கிடைக்கும். (12×12 − 6.5×6.5) ÷ 183 = 0.556. கல் அடியிலிருந்து மேல் ஃபில்டரையும் தாண்டிப் பத்தடி ஏற வேண்டும். அதாவது 200-லிருந்து 100 அடிவரை. 100 அடிக்கு 56 கன அடி. ஆனால் மணலில் துளை எங்கும் 12 இஞ்ச்சாக நிற்பதில்லை. ஓர் இஞ்ச் அகன்று 13 ஆகிவிட்டால் அடிக்கு 0.69 கன அடி, அதாவது கால் பங்கு அதிகம். ஆகவே 70 கன அடி, கிட்டத்தட்ட முக்கால் யூனிட் கைவசம் இருக்க வேண்டும்.

அளவைவிடக் கல்லின் பருமன்தான் அடிக்கடி கோட்டை விடப்படுகிறது. படுகை மணலின் சராசரிப் பருமனைப் போல 4 முதல் 6 மடங்கு கல் வேண்டும். மணல் அரை மி.மீ. என்றால் கல் 2 முதல் 3 மி.மீ.; கம்பு மணி அளவு. உருண்ட, கழுவிய ஆற்றுக்கல்லாக இருக்க வேண்டும். அதற்குப் பதில் கட்டடத்துக்கு வாங்கும் 20 மி.மீ. உடைத்த ஜல்லியைக் கொட்டினால், அதன் சந்து வழியே மணல் தடையில்லாமல் வந்து மோட்டாரைத் தின்றுவிடும்.

கொட்டும்போது ஒரே ஆளாக மேலிருந்து தள்ளாமல், சிறு குழாய் வழியாக அடிவரை கொண்டுபோய்விட வேண்டும். கயிற்றில் குண்டு கட்டி இடையிடையே ஆழம் பாருங்கள். 28 கன அடி போன பிறகு மட்டம் 150 அடியில் நிற்க வேண்டும். 120-லேயே குண்டு தட்டினால் கல் நடுவில் தொக்கி நிற்கிறது, அதற்குக் கீழே ஃபில்டர் வெறுமையாக இருக்கிறது என்று அர்த்தம். 160-ஐத் தாண்டவில்லை என்றால் துளை அகன்றிருக்கிறது. இன்னும் கல் வேண்டும். கொட்டி முடித்ததும் கம்ப்ரசர் போட்டு, தண்ணீர் தெளியும்வரை ஓட விட வேண்டும். அதில் கல் கீழே இறங்கும். இறங்கிய இடத்தை நிரப்பிய பிறகே சிமெண்ட். சிலர் முதலில் சிமெண்டை ஊற்றிவிட்டுக் கம்ப்ரசர் போடுவார்கள். அப்போது இறங்கும் கல்லுக்கு மேலே வெற்றிடம் உண்டாகிவிடும்.

இப்போது அந்த ஒரு மூட்டைக்கு வருவோம். 50 கிலோ சிமெண்டை 25 லிட்டர் தண்ணீரில் கரைத்தால் சுமார் 41 லிட்டர் கூழ், அதாவது 1.44 கன அடி. நம் இடைவெளியில் அடிக்கு 0.556 கன அடி போகும். ஆக ஒரு மூட்டை அடைப்பது 2.6 அடி. 60 அடிவரை உப்பு மணல் இருக்கும் இடத்தில் வாயில் 2.6 அடி அடைத்து என்ன பயன்? உப்புத்தண்ணீர் அதற்குக் கீழே குழாயின் வெளிப்புறமாகவே இறங்கி நல்ல படுகையில் கலந்துவிடும்.

சீல், உப்புக்குக் கீழே உள்ள கெட்டிக் களிக்கு எதிரே விழ வேண்டும். கல்லுக்கு மேலே 100-லிருந்து 95 அடிவரை நுண்மணல் போட்டால் சிமெண்ட் கூழ் கல்லுக்குள் இறங்காது. 95-லிருந்து 65 அடிவரை 30 அடிக்குச் சிமெண்ட். 65-லிருந்து 20 வரை களிமண். மேலே 20 அடிக்கு மறுபடி சிமெண்ட். மழைநீரும் சாக்கடையும் இறங்காமல் இருக்க. மொத்தம் 50 அடிக்கு 28 கன அடி, 20 மூட்டை. துளை அகன்றிருந்தால் போதாது என்பதால் 24 மூட்டை வாங்க வேண்டும்.

ஊற்றும்போது குழாய்க்குள் தண்ணீர் நிறைந்திருக்க வேண்டும். கூழ் தண்ணீரைவிட ஏறக்குறைய இரு மடங்கு கனம்; கெட்டிப்படும்போது சூடும் கிளம்பும். காலியான பி.வி.சி. குழாய் அந்த நெருக்கலில் நசுங்கிவிடும். கூழையும் மேலிருந்து கொட்டாமல் சிறு குழாய் வழியே அடியிலிருந்து ஏற்ற வேண்டும், 30 அடியையும் ஒரே மூச்சில் அல்ல.

நல்ல தண்ணீர் கொடுத்த போர் மாதங்கள் போகப் போக உப்பாகிறது, அல்லது மழை பெய்த மறுநாள் கலங்குகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தச் சீலைத்தான். குழாய் உள்ளே நிற்கும்போது வெளிப்புற இடைவெளியைப் பிறகு திறந்து சரிசெய்வது மிகக் கடினம். பெரும்பாலும் புதிய போர்தான் வழி. ஆகவே அடிக்கு இவ்வளவு என்று விலை பேசும்போதே எத்தனை யூனிட் கல், எத்தனை மூட்டை சிமெண்ட் என்பதையும் தாளில் எழுதி வாங்குங்கள். ஊற்றும் நாளில் வீட்டிலிருந்து ஒருவர் பக்கத்தில் நின்று காலி மூட்டைகளை எண்ணிக்கொள்ளட்டும்.