வாடகையைக் குறைத்து மூன்று ஆண்டு வாங்கலாமா?

சென்னையில் வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் பெரும்பாலும் 11 மாத அக்ரிமென்ட்தான் போடுகிறார்கள். அது முடியும்போது வாடகையை ஏற்றுகிறார்கள். கட்டுப்படியாகாதவர் காலி செய்கிறார், புரோக்கர் அடுத்தவரை அழைத்து வருகிறார். நல்ல குடித்தனக்காரர் அமைந்திருந்தால் வேறொரு வழியும் உண்டு: வாடகையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, மூன்று ஆண்டுக்கு உறுதி வாங்குவது. எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம், அந்த உறுதியை எப்படி நிற்க வைப்பது என்ற இரண்டும் தெரிந்தால்தான் இதில் இறங்கலாம்.

முதலில் தெரியவேண்டியது, ஆள் மாறுவதற்கு உங்களுக்கு ஆகும் செலவு. மாதம் 20,000 ரூபாய் வாடகை வரும் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒருவர் காலி செய்து அடுத்தவர் வர ஒரு மாதம் ஆனால் 20,000 போகிறது. அந்த மாத மெயின்டனன்ஸ் 2,000 உங்கள் தலையில் விழும். பெயின்ட் அடிக்க 20,000, குழாய், ஸ்விட்ச் போன்ற சில்லறை வேலைகளுக்கு 3,000 என்று வைத்தால், மொத்தம் 45,000. உங்கள் வீட்டுக்கான தொகை வேறாக இருக்கும். கடைசியாக ஆள் மாறியபோது என்ன செலவானது என்று பழைய பில்களைப் பார்த்துக் கூட்டுங்கள். நீங்கள் தரக்கூடிய தள்ளுபடி அந்தத் தொகைக்குள்தான் அடங்க வேண்டும்.

இப்போது இரண்டு வழிகளையும் ஒப்பிடுவோம். ஆண்டுதோறும் 5 விழுக்காடு ஏற்றினால் 20,000, 21,000, 22,050 என்று போய் மூன்று ஆண்டில் 7,56,600 ரூபாய் வரும். நடுவில் ஒருமுறை ஆள் மாறினால் 45,000 கழிந்து கையில் நிற்பது 7,11,600.

மூன்று ஆண்டு உறுதிக்காக மாதம் 500 குறைத்து, 19,500-இல் தொடங்கி அதே 5 விழுக்காடு ஏற்றினால் மொத்தம் 7,37,685. இதில் பத்திரப் பதிவுச் செலவு ஏறத்தாழ 16,000 போனால் 7,21,700 அளவில் நிற்கும். குறைத்தும் உங்களுக்குப் பத்தாயிரம் மிச்சம். குடியிருப்பவருக்குக் கிட்டத்தட்ட 19,000 மிச்சம். புதுவீட்டுக்கான புரோக்கர் கமிஷனும் சாமான் ஏற்றும் வண்டிச் செலவும் அவருக்கு மிஞ்சுவது தனி. குறைப்பை 800 ஆக்கினால் உங்கள் லாபம் மறைந்துவிடும். அந்த வீட்டுக்கு அதுதான் எல்லை.

இங்கே பலர் தவறுவது ஓரிடத்தில். வாடகையையும் குறைத்து, "மூணு வருஷத்துக்கு ஏத்த மாட்டேன்" என்றும் வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஏற்றாமல் இருப்பதே ஒரு தள்ளுபடி. 20,000-ஐ அப்படியே நிறுத்தினால் மூன்று ஆண்டில் 36,600 விட்டுக்கொடுத்ததாக ஆகும். 19,000 ஆக்கி நிறுத்தினால் போவது 72,600. ஆள் மாறாததால் மிச்சப்படும் 45,000 அதை ஈடுகட்டாது. பதிவுச் செலவையும் சேர்த்தால், 20,000-இல் நிறுத்துவதைக்கூட ஈடுகட்டாது. குறைப்பை மட்டும் கொடுங்கள்.

அடுத்தது, அந்த உறுதி நிற்குமா என்பது. ஓராண்டுக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். 11 மாத வழக்கம் வந்ததே அதைத் தவிர்க்கத்தான். மூன்று ஆண்டு என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து மட்டும் போட்டு வைத்துக்கொண்டால், வழக்கு என்று வரும்போது அந்த மூன்று ஆண்டு நிற்காது. மாதாமாதம் நீடிக்கும் குடித்தனமாகவே அது பார்க்கப்படும். குறைத்த வாடகை மட்டும் நிஜம், உறுதி வெறும் காகிதம் என்றாகிவிடும். 30 ஆண்டுக்கு உட்பட்ட ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையும் அட்வான்ஸும் சேர்ந்த தொகையில் முத்திரைத் தீர்வை 1 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 1 விழுக்காடு என்ற கணக்கில், மூன்று மாத அட்வான்ஸையும் சேர்த்து வந்ததுதான் மேலே சொன்ன 16,000.

இதோடு, 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடமும் ஒப்பந்தத்தைப் பதிந்து எண் பெற வேண்டும். அதே சட்டத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. குறித்த காலத்துக்கு விட்ட வீட்டில், எவ்வளவு ஏற்றுவது என்று ஒப்பந்தத்திலேயே எழுதாவிட்டால், அந்தக் காலம் முடியும்வரை வாடகையை ஏற்ற முடியாது. ஆகவே "ஆண்டுதோறும் பேசிக்கொள்ளலாம்" என்று எழுதாதீர்கள். மூன்று ஆண்டுக்கான மூன்று தொகைகளையும் எண்ணாலும் எழுத்தாலும் எழுதுங்கள்.

பதிவு செய்தும் வீணாகும் ஒப்பந்தங்கள் உண்டு. மேலே 36 மாதம் என்று இருக்கும். கீழே, பழைய மாதிரிப் படிவத்திலிருந்து வந்த வரியாக, "இரு தரப்பினரும் ஒரு மாத நோட்டீஸில் முடித்துக்கொள்ளலாம்" என்று இருக்கும். அந்த ஒரு வரி மூன்று ஆண்டை ஒரு மாதமாக்கிவிடுகிறது. நோட்டீஸ் வரிக்கு முன்னால் லாக்-இன் காலத்தை எழுத வேண்டும். முதல் 24 மாதம் இருவரும் முறிக்கக் கூடாது, அதன்பின் இரண்டு மாத நோட்டீஸ் என்பது நடைமுறைக்கு ஒத்து வரும்.

லாக்-இன்னுக்குள் அவர் கிளம்பினால்? "மீதி மாத வாடகை முழுவதும் தரவேண்டும்" என்று எழுதுவது பயமுறுத்தலாம், வசூலாவது கடினம். ஒப்பந்தத்தில் என்ன தொகை எழுதினாலும் அதற்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. அதைவிட எளியது, அதுவரை பெற்ற சலுகையைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதுவது. நம் உதாரணத்தில் 14-ஆவது மாதத்தில் ஒருவர் காலி செய்தால், முதல் ஆண்டுக்கு 6,000, அடுத்த இரு மாதத்துக்கு 525 வீதம் 1,050, ஆக 7,050 ரூபாயை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம். ஒரு மாத வாடகை வரை ஈடும் சேர்க்கலாம். வேலை மாற்றல் உத்தரவைக் காட்டினால் அந்த ஈடு வேண்டாம் என்று விலக்குக் கொடுத்தால், நல்ல குடித்தனக்காரர் தயங்காமல் கையெழுத்துப் போடுவார்.

முடியும் தேதியையும் பார்த்து வையுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் பலர் புதுவீடு போக மாட்டார்கள். அந்த மாதங்களில் காலியாகும் வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடக்கலாம். பள்ளி விடுமுறையான மே மாதத்தில்தான் வீடு தேடுவோர் அதிகம். 36 மாதம் ஜூலையில் முடிவதாக இருந்தால், 34 மாதமாக்கி மே மாதத்தில் முடியுங்கள்.

புதிதாக வருகிறவரிடம் இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். முதல் 11 மாதம் வாடகை எந்தத் தேதியில் வருகிறது, வீட்டை எப்படி வைத்திருக்கிறார் என்று பாருங்கள். பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்த்திருப்பவர் நீங்கள் சொல்லாமலே நீண்டகாலம் இருக்கப்போகிறவர். அவருக்கு 300 ரூபாய் குறைப்பே போதுமானதாக இருக்கலாம். முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே, ஏற்றிய வாடகையை 11 மாதத்துக்கும் குறைத்த வாடகையை மூன்று ஆண்டுக்கும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்து, அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

இந்த உறுதி உங்களையும் கட்டும். நடுவில் வீட்டை விற்றாலும், வாங்குபவர் அந்தக் குடித்தனத்தோடுதான் வாங்க வேண்டும், பலர் அதனாலேயே விலையைக் குறைத்துக் கேட்பார்கள். மகன் ஊர் திரும்பலாம், வீட்டை இடித்துக் கட்டலாம், விற்கலாம் என்ற எண்ணம் மூன்று ஆண்டுக்குள் இருந்தால், 11 மாதத்திலேயே இருங்கள். அந்தச் சுதந்திரத்தின் விலை, நம் கணக்குப்படி, மூன்று ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய்தான்.