மூன்றெழுத்துக்கு ஐந்து கணக்கு

'தமிழ்' எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விரல் மடக்கி மூன்று என்று சொல்லிவிடும். பைத்தான் நிரல்மொழியிடம் கேட்டுப் பாருங்கள்:

```
>>> len("தமிழ்")
5
```

கணினி சரியாகத்தான் எண்ணுகிறது. அது எண்ணுகிற பொருள்தான் வேறு. யூனிகோடில் 'மி' என்ற எழுத்துக்குத் தனியாக ஓர் எண் கிடையாது. 'ம'வுக்கு ஒன்று, அதன்மேல் ஏறும் இகரக் குறிக்கு இன்னொன்று. 'ழ்' என்பதும் 'ழ'வும் புள்ளியுமாக இரண்டு. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி: ஆக ஐந்து குறியீடுகள். அகரம் ஏறிய 'ழ'வை அடிப்படையாக வைத்து, புள்ளியால் அந்த அகரத்தை நீக்குகிற ஏற்பாடு இது. மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் பிறக்கிறது என்று படித்த நமக்கு இது தலைகீழாகத் தெரியும். இந்திய எழுத்துகளுக்கெல்லாம் பொதுவாக வகுத்த 1988-ஆம் ஆண்டின் இஸ்கி தரத்திலிருந்து யூனிகோடுக்கு வந்த வழக்கம் அது.

இதன் விலை குறுஞ்செய்தியில் தெரியும். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 குறியீடுகள் இடம் உண்டு. தமிழில் தட்டினால் 70தான். அந்த 70-இலும் குறிகள் தனித்தனியாக இடம் பிடிக்கின்றன. "நாளை காலை வருகிறேன்" என்பதில் எழுத்துகள் ஒன்பது, இடைவெளி இரண்டு. செலவாவதோ 19 இடம்.

நீளத்தை இப்படி எண்ணி வெட்டுகிற நிரல் எழுத்தின் நடுவிலேயே கத்தி வைத்துவிடும். 'தமிழ்' என்பதை நான்கு குறியீட்டோடு நிறுத்தினால் புள்ளி உதிர்ந்து 'தமிழ' என்று நிற்கும். படிவத்தில் பெயர் தட்டும்போது கடைசிப் புள்ளி காணாமல் போனால் இந்த வெட்டையும் சந்தேகியுங்கள். திருப்பிப் போட்டால் இன்னும் வேடிக்கை: அந்தப் புள்ளி ஏற எழுத்தில்லாமல், புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தின்மேல் தொங்கும்.

கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ண வழி உண்டு. குறிகளை முன்னுள்ள எழுத்தோடு சேர்த்து ஒரே கொத்தாகப் பார்க்கும் விதிகளை யூனிகோடே வகுத்திருக்கிறது. பைத்தானில் `regex` என்ற நூலகத்தை நிறுவிக்கொண்டால்:

```
>>> import regex
>>> len(regex.findall(r"\X", "தமிழ்"))
3
```

இதற்கும் எல்லை உண்டு. 'க்ஷ', 'ஸ்ரீ' இரண்டும் பார்வைக்கு ஒவ்வோர் எழுத்துதான். இந்த விதிப்படி அவை இரண்டிரண்டு கொத்து. ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் தரும் 'டேஸ் 16' முறையை 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து ஏற்றது. ஆனால் கைப்பேசிகளிலும் இணையத்திலும் புழங்குவது யூனிகோடுதான்.

ஆகவே படிவம் வடிவமைக்கிற நண்பர்களே, பெயருக்கு இருபது எழுத்து என்று எல்லை போடுவதானால் கொத்துகளை எண்ணிப் போடுங்கள்.