சிபாரிசுக் கடிதத்திற்கு ஒரு மறுமொழி

சுங்கைப்பட்டாணியிலிருந்து பீடோங் பக்கமும், பாடாங் செராய், லூனாஸ் வழியாகக் கூலிம் பக்கமும் பரந்து கிடக்கும் கெடாவின் தோட்டப்புறங்களில், பால்மரங்கள் இருந்த இடங்களில் பலவற்றைச் செம்பனை பிடித்துக்கொண்டு வெகுகாலமாயிற்று; லயங்களில் இருந்தவர்களும் பெரும்பாலோர் பட்டணத்து வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். ஆயினும் நன்றி தெரிவிக்கும் முறையில் மட்டும் தோட்டத்து வழக்கம் இன்னும் மாறவில்லை. மகனுக்கு வேலையோ மகளுக்குக் கல்லூரியில் இடமோ கிடைத்துவிட்டால், சிபாரிசுக் கடிதம் எழுதித் தந்த ஆசிரியரின் வீட்டுக்குத் தாய் தகப்பன் சகிதமாகப் பழத்தட்டுடன் போய், பிள்ளையைக் காலில் விழச் செய்து திரும்புவார்கள். கிடைக்காமற் போனாலோ, அந்த ஆசிரியர் கோயில் திருவிழாவில் எதிர்ப்பட்டால் கூட்டத்தில் ஒதுங்கி நின்றுகொள்வார்கள். இதில் அவமரியாதை எண்ணம் லவலேசமும் கிடையாது. அவர் எழுதித் தந்தும் நம் பிள்ளை அவர் பெயரைக் காப்பாற்றவில்லையே என்ற கூச்சந்தான் காரணம். ஆனால் கடிதம் எழுதியவரோ, தாம் எழுதியது போய்ச் சேர்ந்ததா, பிள்ளை நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட்டானா என்பது ஒன்றும் தெரியாமல் இருந்துவிடுகிறார்.

இந்த வழக்கத்திற்கு ஒரு பூர்வகதை உண்டு. தோட்டம் தோட்டமாக இருந்த காலத்தில், வெளியுலகத்தோடு கடித மூலமாகப் பேசும் அதிகாரம் ஆபீசு ஒன்றுக்கே இருந்தது. பையனைப் பட்டணத்துப் பள்ளியிலோ பட்டறையிலோ சேர்க்க வேண்டுமென்று தகப்பன் வந்து நின்றால், கடிதத்தை வாசகம் அமைத்துத் தட்டச்சு செய்து கொடுப்பவர் பெரிய கிராணியாராகவும், அதில் கையெழுத்து மாத்திரம் இடுபவர் துரையாகவும் இருப்பது சாதாரணமாக நடந்த காரியம். துரைக்குச் சலாம் கிடைத்தது. கிராணிக்குத் தீபாவளிக்குக் கோழி போயிற்று. எழுத்தில் எவருக்கும் எதுவும் போகவில்லை. போக வேண்டுமென்று எதிர்பார்த்தவரும் இல்லை. கடிதம் என்பது மேலேயிருந்து கீழே இறங்கும் தயவாகக் கருதப்பட்டதேயொழிய, ஒருவர் நம்மைப் பற்றி அறிந்ததைத் தம் பெயரிட்டுச் சொல்லும் சாட்சியாகக் கருதப்படவில்லை.

சாட்சி என்று கொண்டால் நன்றியின் தன்மையே வேறாகிவிடுகிறது. இதற்குத் தமிழுலகம் நன்கறிந்த திருஷ்டாந்தம் உ.வே. சாமிநாதையருடையது. கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராயிருந்த தியாகராச செட்டியார் 1880ஆம் ஆண்டில் ஓய்வு பெற நேர்ந்தபோது, தம்மைப் போலவே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டவரும், அப்போது திருவாவடுதுறை மடத்தில் இருந்தவருமாகிய இளைஞர் சாமிநாதையரையே அந்த ஸ்தானத்திற்குச் சிபாரிசு செய்தார். பிரிய மனமில்லாத ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரை இணங்கச் செய்ததும் செட்டியார்தாம். இவ்வளவு செய்தும் வேலை கையில் வந்து விழுந்துவிடவில்லை. இளைஞரின் தமிழறிவு கல்லூரியில் சோதித்துப் பார்க்கப்பட்ட பின்னரே நியமனம் உறுதியாயிற்று. சிபாரிசு வாசல்வரை கொண்டுபோய் விட்டது; உள்ளே நுழைந்தது சொந்தப் படிப்பினால். ஐயர் பிற்காலத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில் வீடு வாங்கியபோது அதற்குத் 'தியாகராச விலாசம்' என்று பெயர் வைத்தார். செட்டியார் அதைக் காண உயிரோடில்லை. 1888ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார். ஆகையால் ஐயரின் நன்றியில் உயர்ந்தது வீட்டுப் பெயர் அன்று என்பது என் அபிப்பிராயம். சுயசரிதத்தில் இந்த வரலாற்றை எழுதும்போது, செட்டியார் எங்கே போனார், யாரிடம் என்ன சொன்னார், எந்தச் சங்கடத்தைச் சமாளித்தார் என்று ஒவ்வொன்றாகக் குறித்து வைத்திருக்கிறாரே, அதுதான் உயர்ந்தது. பிறர் நமக்காகப் பட்ட சிரமம் இன்னதென்று நமக்குத் தெரியும் என்று காட்டுவதைவிட அவருக்குத் திருப்தி தருவது வேறில்லை.

நம் பிள்ளைகளுக்கு வீடு வாங்கும் வரையில் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. அரைப் பக்கம் போதும். ஒரு சந்தர்ப்பத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். பீடோங்கிற்கு அருகே, முன்னாளில் பால்மரம் வெட்டிய குடும்பத்துப் பெண் ஒருத்தி, எஸ்.பி.எம். தேர்வு முடிந்தபின், தனியார் மருத்துவமனையொன்று உபகாரச் சம்பளத்துடன் நடத்தும் தாதியர் பட்டயப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். உயிரியல் கற்பித்த ஆசிரியை கடிதம் எழுதி, உறையை ஒட்டியே கொடுத்திருக்கிறார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது இவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயல்வதும் நாகரிகமன்று. ஆகவே 'என்னைப் பற்றி நல்லவிதமாக எழுதியதற்கு நன்றி' என்று தொடங்கினால், பிரித்துப் பார்த்தாளோ என்ற சந்தேகத்திற்கு இடமாகும். தெரிந்ததற்கு மட்டுமே நன்றி சொல்ல வேண்டும்; தெரிந்தது ஆசிரியை செலவிட்ட நேரமும் எடுத்துக்கொண்ட அக்கறையுந்தான்.

எப்போது எழுதுவது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். முடிவு வந்தபின் எழுதலாம் என்று ஒத்திவைத்தால், நன்றி கடிதத்திற்கு உரியதாகாமல் முடிவுக்கு உரியதாகிவிடுகிறது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்த இரண்டு மூன்று நாட்களுக்குள் எழுதுவதே முறை. அதனால் கடிதம் உரிய காலத்தில் போயிற்று என்ற செய்தியும் ஆசிரியைக்குக் கிடைத்துவிடும். அந்தப் பெண் எழுதக்கூடியது ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

'மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். தாதியர் பயிற்சிக்கான விண்ணப்பத்தைச் சென்ற வெள்ளிக்கிழமை சேர்ப்பித்துவிட்டேன். தாங்கள் தந்த கடிதத்தையும் உடன் வைத்திருக்கிறேன். பரீட்சைத்தாள் திருத்தும் வேலைக்கு நடுவில் எனக்காக நேரம் ஒதுக்கினீர்கள். கடிதம் எழுதுவதற்கு முன் என் பழைய செயல்முறைக் குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தீர்கள். அதை மறுபடியும் புரட்டியபோதுதான் நேர்முகத் தேர்வில் எதைப் பற்றிப் பேசலாம் என்பது எனக்கே தெளிவாயிற்று. தங்களுக்கு என் மனமார்ந்த நன்றி. அழைப்பு வந்ததும் தெரிவிக்கிறேன். இங்ஙனம், தங்கள் மாணவி.'

இதிலே உயிரான பகுதி குறிப்பேட்டைப் பற்றியது. அது இல்லையென்றால் எந்த மாணவியும் எந்த ஆசிரியைக்கும் எழுதியதாக இருக்கும். மற்றபடி நடை அலங்காரம் வேண்டியதில்லை. 'தங்கள் பொற்பாதங்களுக்கு' என்று தொடங்கும் பழைய பாணியைப் பிள்ளைகள் இரவல் வாங்கினால் படிப்பவருக்குச் சிரிப்புத்தான் வரும். எந்த மொழியில் எழுதுவது என்று சிலர் கேட்பார்கள். ஆசிரியரோடு வகுப்பறைக்கு வெளியே எந்த மொழியில் பேசினோமோ அந்த மொழியில் எழுதுவதே இயல்பு. மலாய்க்கார சிக்குவுக்கு மலாயிலும், தமிழாசிரியருக்குத் தமிழிலும் எழுதுவதை விட்டுவிட்டு, மதிப்புக் கூடும் என்று எண்ணி ஆங்கிலத்திற்குத் தாவ வேண்டாம்.

இனி, எழுதக்கூடாத வாக்கியம் ஒன்று இருக்கிறது. 'உங்கள் கடிதத்தால்தான் எனக்கு இடம் கிடைத்தது' என்பது அது. நன்றிப்பெருக்கில் இயல்பாக வந்துவிடும் வாக்கியந்தான். ஆயினும் கடிதம் எழுதியவருக்கு அது உதவியாக இராது. நம் நாட்டில் 'சூராட் சொக்கோங்கான்' என்று வழங்கும் ஆதரவுக் கடிதம் வேறு, இந்தச் சாட்சிக் கடிதம் வேறு. செல்வாக்குள்ளவர், பெரும்பாலும் அரசியல்வாதி, இன்னாருக்கு இன்னது தருக என்று கேட்டு எழுதுவது முன்னது. விண்ணப்பதாரரை நேரில் அறிந்தவர் தாம் கண்டதைச் சொல்லி, தீர்மானத்தைப் படிப்பவரிடமே விட்டுவிடுவது பின்னது. கடிதத்தால்தான் கிடைத்தது என்று எழுதும்போது, சாட்சி சொன்னவரைச் செல்வாக்குச் செலுத்தியவராக நாமே ஆக்கிவிடுகிறோம்.

அன்பளிப்பு விஷயமும் இதை ஒட்டியதே. அரசாங்கப் பள்ளி ஆசிரியர் பொதுச்சேவை ஊழியர். அவரைக் கட்டுப்படுத்தும் 1993ஆம் ஆண்டு நடத்தை, ஒழுங்கு விதிகள், உத்தியோகக் கடமையோடு சம்பந்தப்பட்ட பரிசுகளை வாங்குவதற்குத் தடை விதித்திருக்கின்றன. மாணவிக்காகக் கடிதம் எழுதியது கடமையைச் சேர்ந்ததா, சொந்த உதவியா என்று அவர் யோசிக்க வேண்டிய நிலைமையை ஒரு கைக்கடிகாரமோ சேலையோ உண்டாக்கிவிடும். வாங்கினால் தொல்லை, மறுத்தால் மனஸ்தாபம். ஓய்வு பெற்ற ஆசிரியருக்குப் பழத்தட்டு கொண்டுபோவதை நான் ஆட்சேபிக்கவில்லை. பணியிலிருப்பவருக்குக் காகிதத்தோடு நிறுத்திக்கொள்வதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

காகிதத்திற்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா என்றால், தனியாக அவருக்கு மட்டும் அனுப்புவதில் குற்றமில்லை. முன்னாள் மாணவர் குழுவில் எல்லோரும் பார்க்கும்படி போடுவதுதான் உபத்திரவம். மறுநாளே நாலு பேர் எனக்கும் ஒரு கடிதம் வேண்டும் என்று கேட்பார்கள், அவர்களில் இரண்டு பேருடைய முகம்கூட அவருக்கு ஞாபகமிராது. கடிதத்தைத் தட்டச்சு செய்து பள்ளி முத்திரை வைத்துக்கொடுத்த அலுவலக ஊழியருக்கும் ஒரு வார்த்தை நேரில் சொல்லிவிடுவது நல்லது. அந்தக் காலத்துக் கிராணிக்குப் போன கோழியில் அந்த அளவுக்கு நியாயம் இருந்தது.

இனி அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். கோயிலில் ஒதுங்கி நிற்கும் வழக்கம் தலைகாட்டுவது இப்போதுதான். இரண்டாவது கடிதம் அதிக அவசியமாவதும் இப்போதுதான். அதில் அழுகையும் வேண்டாம், மருத்துவமனையின் மீது புகாரும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். 'நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருந்தார்கள்; ஆனால் தேர்வாகவில்லை. பாடத்தைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொன்னேன். இந்தத் தொழிலை ஏன் விரும்புகிறாய் என்றபோதுதான் தடுமாறிவிட்டேன். ஆறாம் படிவத்தில் சேர்ந்திருக்கிறேன். தாங்கள் எழுதித் தந்ததற்கு மீண்டும் நன்றி' என்று எழுதினால் போதும். அடுத்த கடிதத்திற்கான விண்ணப்பத்தை இதிலேயே சேர்த்துவிடக்கூடாது. நன்றிக்கடிதம் அப்போது விண்ணப்பக் கடிதமாகிவிடும்.

இந்தச் செய்தியினால் ஆசிரியைக்கும் பிரயோஜனம் உண்டு. அவர் இவளுடைய உயிரியல் பாடத்தேர்ச்சியையும் குறிப்பேட்டின் ஒழுங்கையும் பற்றி எழுதியிருப்பார். ஆசிரியை என்ற முறையில் அவர் கண்ணால் கண்டது அதுதான். தேர்வு நடத்தியவர்களோ நோயாளியிடத்தில் இவளுக்குள்ள பரிவைப் பற்றியும் அறிய விரும்பினார்கள் என்பது இந்த நாலு வரியினால் அவருக்குத் தெரியவருகிறது. பக்கவாதத்தில் படுத்துவிட்ட பாட்டியை இவள் பள்ளி விட்டு வந்து பார்த்துக்கொண்ட விவரம் ஆசிரியைக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம். அடுத்த ஆண்டு புதுத் தேதியிட்டு வேறொரு கடிதம் எழுத நேரும்போது, அல்லது இவளைப் போன்ற இன்னொரு பெண் வந்து கேட்கும்போது, குறிப்பேட்டைக் கொண்டுவா என்று சொல்வதோடு நில்லாமல், வீட்டில் யாரைக் கவனித்துக்கொள்கிறாய் என்றும் அவர் கேட்பார்.