உஷார்! திரையில் தெரியும் பாக்கி முழுப் பாக்கி அல்ல

வீட்டுக் கடனை இந்த மாதமே அடைத்துவிடலாம் என்று கையில் பணத்தோடு இருக்கிறீர்களா? அனுப்புவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். கடன் நிறுவனத்தின் ஆப்பில் ‘Principal Balance’ என்று பெரிதாகத் தெரியும் தொகை, அசல் மட்டும்தான். கடைசித் தவணைக்குப் பிறகு ஓடிக்கொண்டிருக்கும் நாள்வட்டி அதில் சேரவில்லை. அதை மட்டும் அனுப்பினால் கடன் முடியாது.

“அது தெரியும், நாள் கணக்குப் போட்டு வட்டியையும் சேர்த்துத்தான் அனுப்புவேன்” என்பவர்களும் சிக்குகிறார்கள். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் சறுக்கல்.

அமெரிக்க வீட்டுக் கடனில் மாதம் முடிந்த பிறகுதான் அந்த மாதத்து வட்டியைக் கட்டுகிறோம். ஜூன் 1-ம் தேதித் தவணைக்குள் இருப்பது மே மாத வட்டி. பெரும்பாலான கடன்களில் அபராதம் இல்லாமல் கட்ட 15 நாள் அவகாசம் இருப்பதால், சம்பளம் வந்தபின் 10, 12-ம் தேதிகளில் கட்டும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. நீங்கள் 12-ம் தேதி கட்டினாலும் அதில் தீர்ந்தது மே 31 வரைக்குமான வட்டிதான். ஜூன் மாத வட்டி 1-ம் தேதியே ஓடத் தொடங்கிவிட்டது.

நியூ ஜெர்சி எடிசனில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அசல் பாக்கி 2,40,000 டாலர், வட்டி 6.5 சதவீதம். ஒரு நாள் வட்டியை இப்படிக் கணக்கிடுவார்கள்:

```
240000 × 0.065 ÷ 365 = 42.74
```

2025 ஜூன் 12 அன்று தவணை கட்டியவர், ஜூன் 20 வெள்ளிக்கிழமை முழுக் கடனையும் அடைக்கிறார். அவர் மனக்கணக்கில் 8 நாள், வட்டி 341.92 டாலர். கடன் நிறுவனத்தின் கணக்கில் ஜூன் 1 முதல் 19 நாள், வட்டி 812.06 டாலர். 470 டாலர் குறைகிறது! கதை அதோடும் நிற்காது. வெள்ளி மாலை, நிறுவனம் வைத்திருக்கும் நேர வரம்பு தாண்டி வயர் போய்ச் சேர்ந்தால், வரவு திங்கட்கிழமைதான். இன்னும் 3 நாள் கூடி வட்டி 940.28 ஆகிவிடும். குறைவாக வந்த பணத்தைச் சில நிறுவனங்கள் அப்படியே திருப்பி அனுப்பும். சில, அசலில் கழித்துக்கொண்டு கடனைத் திறந்தே வைத்திருக்கும். நீங்களோ கடன் தீர்ந்தது என்று நிம்மதியாக இருப்பீர்கள். அடுத்த தவணை தவறியதாகப் பதிவாகும்போதுதான் தெரியவரும். அதுவரை கட்டிக் காத்த கிரெடிட் ஸ்கோர் இந்தச் சில நூறு டாலருக்காக அடிவாங்க வேண்டுமா?

கார் கடனில் கணக்கு வேறு. அங்கே பெரும்பாலும் நீங்கள் உண்மையில் பணம் கட்டிய நாளிலிருந்தே எண்ணுவார்கள். 18,000 டாலர் பாக்கி, 7 சதவீத வட்டி. தவணை கட்டிய 14-ம் நாள் கூடுதலாக 2,000 டாலர் போடுகிறீர்கள். அதில் 48.33 டாலர் அந்த 14 நாள் வட்டிக்குப் போய், மீதி 1,951.67 மட்டுமே அசலில் கழியும். பாக்கி 16,000 என்று எதிர்பார்த்தவருக்கு 16,048.33 என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. அந்த 14 நாள் வட்டியை இப்போதே எடுத்துக்கொண்டதால், அடுத்த தவணையில் அது திரும்ப வராது.

டெக்சஸிலோ பே ஏரியாவிலோ பழைய எஃப்.எச்.ஏ. கடனோடு வீடு விற்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். 2015 ஜனவரி 21-க்கு முன் முடிவான எஃப்.எச்.ஏ. கடன்களில், தவணைத் தேதி தவிர வேறு நாளில் கடனை அடைத்தால் மாதம் முழுவதற்கும் வட்டி வசூலிக்க விதி இடம் கொடுத்தது. 2-ம் தேதி அடைத்தாலும் மாத வட்டி முழுசாகப் போகலாம். குறைந்த வட்டி என்பதால் அந்தக் கடனை இன்னும் வைத்திருப்பவர்கள், வீட்டு விற்பனையை முடிக்கும் நாளை மாதக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். பணம் 1-ம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். அந்தத் தேதிக்குப் பின் முடிவான எஃப்.எச்.ஏ. கடன்களுக்கு நாள் கணக்குத்தான்.

மனக்கணக்கை நம்பாதீர்கள். கடன் நிறுவனத்திடம் ‘Payoff Statement’ எழுத்தில் கேளுங்கள். வீட்டுக் கடனுக்கு, கோரிக்கை கிடைத்த 7 வேலை நாளுக்குள் பொதுவாக அதைத் தர வேண்டும் என்பது மத்திய அரசு விதி. அதில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: மொத்தத் தொகை, அது எந்தத் தேதி வரை செல்லும் என்பது, தாண்டினால் நாளொன்றுக்கு எவ்வளவு என்பது (‘Per Diem’ என்று போட்டிருக்கும்). வயர் வந்துசேர வேண்டிய மணியையும் கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் செவ்வாய், புதன் காலையில் அனுப்புங்கள். ஒன்றிரண்டு நாள் வட்டியைக் கூடவே சேர்த்து அனுப்பினாலும் பரவாயில்லை, மிச்சம் திரும்பி வரும்.

பாக்கி பூஜ்யம் என்று எழுத்தில் வரும்வரை ஆட்டோபேயை நிறுத்தாதீர்கள். வந்த அன்றே நிறுத்திவிடுங்கள். எஸ்க்ரோவில் கிடக்கும் பணம் 20 வேலை நாளுக்குள் திரும்ப வர வேண்டும். வராவிட்டால் போன் செய்து கேளுங்கள்.